ஒத்த ரேகைகளும் ஒவ்வாத முடிவும்

இருவரின் விரல்ரேகைகள் முற்றாக ஒத்திருப்பதில்லை என்னும் கருத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டே புலனாய்வுத் துறையில் வேரூன்றியதாகும். ஆயின், குற்றம் நிகழ்ந்த இடத்திற் கிடைப்பது முழு ரேகையன்று. அழுத்தத்தால் திரிந்து அரைகுறையாய்ப் பதிந்த சுவடே. அச்சுவடு இன்னாருடையது எனத் துணிபவர் நிபுணர். அத்துணிபு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை 2004ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று வெளிப்படுத்திற்று.

அவ்வாண்டு மார்ச் 11ஆந் திகதி மட்ரிட் நகரப் புகையிரதங்களில் குண்டுகள் வெடித்து ஏறத்தாழ 190 பேர் மாண்டனர். டெற்றனேற்றர்கள் இருந்த பிளாஸ்டிக் பையொன்றிற் பதிந்திருந்த விரலடையாளத்தின் பிரதியை ஸ்பானியப் பொலிஸார் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நிறுவனத்துக்கு அனுப்பினர். அந்நிறுவனத்தின் கணனி, பல கோடிப் பதிவுகளுள் அதனை ஒத்தவையென 20 பதிவுகளைத் தெரிந்து கொடுத்தது. அவற்றுள் 4ஆவது, ஓரிகன் மாநிலச் சட்டத்தரணி ஒருவருடையது. சுவட்டில் 15 புள்ளிகள் ஒத்திருக்கக் கண்ட நிபுணர், அது அவருடையதே என முடிவு செய்தார். மேலும் இருவர் அம்முடிவை உறுதிப்படுத்தினர். அது பொருந்தவில்லை என ஸ்பானியர் ஏப்ரலில் அறிவித்தும் எஃப்.பி.ஐ. தன் நிலையினின்று மாறவில்லை. மே 6ஆந் திகதி சட்டத்தரணி கைதானார். பின்னர் நீதிமன்று நியமித்த நிபுணரும் அதே முடிவுக்கே வந்தார். மே 19ஆந் திகதி, அச்சுவடு அல்ஜீரியர் ஒருவருடையதென ஸ்பானியர் கண்டறிந்தனர். சட்டத்தரணி விடுதலையானார்.

தேர்ந்த நிபுணர் பலர் ஒருசேரத் தவறியது எங்ஙனம்? 2006இல் வெளியான அமெரிக்க நீதித் திணைக்களத்தின் விசாரணை அறிக்கை காரணங்களை விளக்கிற்று. பதிவுகள் பெருகப் பெருக, தொடர்பற்ற ஒருவரின் ரேகை தற்செயலாக நெருங்கி ஒத்திருக்கும் வாய்ப்பும் பெருகும். அத்தகைய பதிவைக் கண்டபின், நிபுணர் அதிலுள்ள கூறுகளைத் தெளிவற்ற சுவட்டிலும் தேடிக் 'கண்டனர்'. சுவட்டின் மேற்பகுதி முரண்பட்டபோது, அது வேறொரு தொடுகையின் பதிவெனச் சமாதானம் கூறினர். உறுதிப்படுத்தியோர் முதலாமவரின் முடிவை முன்னரே அறிந்திருந்தமையால், மறுபரிசோதனையும் சுதந்திரமானதாக அமையவில்லை.

முன்னறிவின் செல்வாக்கை 2006இல் வெளியான ஓர் ஆய்வு நேரிற் சோதித்தது. ஐந்து நிபுணரிடம் அவர்களே முன்னர் 'பொருந்தும்' எனத் தீர்த்த அடையாளங்கள், மட்ரிட் வழக்கிற் பிழையாக இனங்காணப்பட்டவை எனக் கூறிக் கொடுக்கப்பட்டன. மூவர் 'பொருந்தாது' என்றனர். ஒருவர் முடிவு கூற இயலாதென்றார். ஒருவரே தம் பழைய தீர்ப்பில் நின்றார்.

இதனால் விரலடையாளம் பயனற்றதென்றாகாது. 2011இல் 169 நிபுணரிடையே நிகழ்ந்த சோதனையில், வேறாட்களின் அடையாளங்களைப் பொருந்துவனவாகக் கூறிய பிழை 0.1 வீதமாகவே இருந்தது. துப்பாக்கிச் சன்னங்களின் கீறல்களை ஒப்புநோக்கியில் இணைத்துப் பார்க்கும் துறையிலோ, இத்தனை கீறல்கள் ஒத்தாற் போதுமென்னும் பொது வரையறை இல்லை. போதுமான ஒற்றுமை எதுவென்பதை நிபுணரே தீர்மானிக்கிறார். ஆகவே இரு துறைகளிலும் நீதிமன்று கேட்கவேண்டியவை சில உள: சுவட்டின் கூறுகள் ஒப்பிடுமுன்னரே குறிக்கப்பட்டனவா? இரண்டாமவர் முதலாமவரின் முடிவை அறியாது பரிசோதித்தாரா? இவற்றுக்கு விடையில்லாதவிடத்து, நிபுணர் பலரின் ஒருமித்த கருத்தும் ஒருவரின் கருத்தளவே நிறையுடையதாகும்.