நடைபாதை இல்லாத சாலையில் பாதுகாப்பாக நடத்தல்

நடைபாதை இருப்பின் அதில் மட்டுமே நடக்க வேண்டும். இல்லாத இடங்களில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தவாறு நடக்க வேண்டும். இந்தியாவில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வதால், இடது ஓரத்தில் நடப்பவரை அவை முதுகுப்புறமாகவே நெருங்குகின்றன.

எடுத்துக்காட்டாக, இரவில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கை அழுத்த 2 நொடிகள் ஆனால், அதற்குள் கார் 34 மீட்டர் நெருங்கிவிடும். கருநிற ஆடை அணிந்தவர் அத்தொலைவுக்கு முன்பே கண்ணில் படுவது அரிது. எதிர்நோக்கி நடக்கும் நீங்களோ முகப்பு விளக்கை வெகு தொலைவிலேயே கண்டு, மண் ஓரத்தில் இறங்கி நின்றுவிடலாம். கைவிளக்கும் வெளிர்நிற ஆடையும் இதற்குத் துணைபுரியும்.

இம்முறைக்கும் வரம்பு உண்டு. வலப்புறம் திரும்பும் குறுகிய வளைவில் எதிரே வருபவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். எனவே வளைவுக்கு முன்பே இடப்புறம் கடந்து, வளைவு முடிந்தபின் திரும்புங்கள். முந்திச் செல்லும் வாகனம் பின்னாலிருந்தும் வலப்புறம் வரக்கூடும். ஒலி கேட்டால் திரும்பிப் பாருங்கள். குழுவாகச் சென்றால் ஒருவர்பின் ஒருவராக நடங்கள்.

பாதசாரிகளைப் பற்றி விதிகள் வகுக்க, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளிக்கிறது. சைகை விளக்கிற்கும் காவலரின் சைகைக்கும் கட்டுப்படுவதும், கடவைக் கோடுகள் உள்ள இடத்தில் அவற்றின் வழியே கடப்பதும் பாதசாரியின் கடமைகள். விபத்தில் அவரது கவனக்குறைவும் மெய்ப்பிக்கப்பட்டால், இழப்பீட்டுத் தொகை அதற்கேற்பக் குறைக்கப்படலாம்.