கவ்வவும் மைலும்: கண்டி மலைவழிகளில் நடைநேரக் கணிப்பு

கண்டி இராச்சியத்தில் ஊர்களுக்கிடைப்பட்ட தொலைவைக் குறிக்கக் 'கவ்வ' என்னும் அளவை வழங்கிற்று. நான்கு கவ்வ சேர்ந்தது ஒரு யோசனை. பாளியில் 'காவுத' என்றும் வடமொழியில் 'கவ்யூதி' என்றும் வழங்கிய சொல்லோடு இது தொடர்புடையது. தமிழில் வழங்கும் காவதம், காதம் என்பனவும் இவற்றுக்கு இனமான சொற்கள் என்று கொள்வர். மதுரை எவ்வளவு தொலைவு என்று கண்ணகி வினவியபோது முப்பது காதம் என்று கோவலன் விடை கூறியதாகச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. இத்தகைய செய்திகளைப் படிக்கும் இக்காலத்து வாசகர், ஒரு காதம் எத்தனை மைல் என்று உடனே கேட்பர். கண்டி நாட்டுக் கவ்வவைப் பொறுத்தமட்டில் இக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அவ்வாறு கிடையாமைக்கான காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலில் இவ்வளவையைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். அது திட்டவட்டமற்ற ஒரு நீளம் என்பது அவர் கருத்து. மலைநாட்டில் ஒரு கவ்வ, சமநிலத்திற் கொள்ளப்படும் கவ்வவிலுங் குறைவானது. சுமை தூக்கிச் செல்லும் கூலியாளின் கவ்வ, வெறுங்கையோடு செல்பவனுடைய கவ்வவிலுங் குறைவாக இருக்க இடமளிக்கப்பட்டது. பொதுவாக நோக்கின் அதனை நான்கு மைலுக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளலாம் என்று அவர் முடிக்கின்றார்.

மைலையே அளவென்று கொண்டவருக்கு இது ஒழுங்கின்மையாகத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் டெனன்ற் கூறும் வேறுபாடுகளை உற்றுநோக்கினால் அவற்றில் ஓர் ஒழுங்கு புலனாகின்றது. ஏற்றம் இருந்தால் அளவு குறைகின்றது. சுமை இருந்தாலும் குறைகின்றது. அதாவது, நடப்பவனுக்கு வேலை கூடும்போதெல்லாம் கவ்வ சுருங்குகின்றது. எனவே கவ்வ என்பது நிலத்தின் நீளத்தை மட்டும் குறித்ததன்று. ஒருவன் நடந்து தீர்க்கவேண்டிய உழைப்பையும் அதனூடாக நேரத்தையும் குறித்தது என்று கொள்வதே பொருந்தும்.

இவ்வாறான அளவை கண்டியில் நிலைத்தமைக்கு அந்நாட்டின் பாதைகளே காரணமாகலாம். 1660இற் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், எல்லைப்புற வழிகளில் முட்கதவுகள் அமைந்திருந்ததையும் அவற்றிற் காவலர் நின்றதையும் விவரித்துள்ளார். அகன்ற வீதிகள் பகைவருக்கே உதவும் என்பதால் வழிகள் ஒற்றையடிப் பாதைகளாகவே விடப்பட்டன. வண்டி செல்லாத அப்பாதைகளில் பயணம் என்பது பெரும்பாலும் நடையே. நடப்பவனுக்குத் தேவைப்பட்டது, பொழுது சாய்வதற்குள் அடுத்த ஊரை அடையலாமா என்பதற்கான விடையே.

1815இற் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டில், எட்வேட் பான்ஸ் ஆட்சியின்போது, கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கண்டிக்கு வீதி அமைந்தது. அதன் நீளம் 72 மைல். மைற்கற்கள் நாட்டப்பட்டன, நில அளவையாளரின் வரைபடங்களும் பின்னர் வந்தன. மைல் ஏற்றத்தையும் அறியாது, சுமையையும் அறியாது. சமவெளியிலும் கணவாயிலும் அது ஒன்றே. வீதி அமைப்போருக்கும் வரி விதிப்போருக்கும் இந்த மாறாமையே தேவைப்பட்டது. ஆனால் கவ்வ என்னும் சொல்லுக்குள் அடங்கியிருந்த மலை, மைல் என்னும் சொல்லிலிருந்து வெளியேறிவிட்டது.

வெளியேறிய அம்மலையை மீண்டும் கணக்கினுட் கொணர்ந்தவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெயிஸ்மித் என்பவர். 1889இல் நிறுவப்பெற்ற ஸ்கொத்லாந்து மலையேறுநர் கழகத்தின் முன்னோடிகளுள் இவரும் ஒருவர். 1892ஆம் ஆண்டு பென் மோர் உள்ளிட்ட மூன்று சிகரங்களை ஒரே நாளில் நடந்து கடந்த அவர், அதுபற்றிய சிறு குறிப்பொன்றைக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார். தூரம் 10 மைல். ஏறிய மொத்த உயரம் 6300 அடி. சிறு ஓய்வுகள் உட்படச் சென்ற நேரம் ஆறரை மணி. இதிலிருந்து அவர் காட்டிய விதி எளிமையானது: வரைபடத்தில் 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதனோடு ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம். 10 மைலுக்கு 3 மணி 20 நிமிடமும், 6300 அடிக்கு 3 மணி 9 நிமிடமுமாகக் கூட்டினால் 6 மணி 29 நிமிடம் வருகின்றது.

விதியின்படி 2000 அடி ஏற்றம் 3 மைல் சமநடைக்கு நிகர். 3 மைல் என்பது 15,840 அடி. ஆகவே ஓர் அடி ஏறுதல் ஏறக்குறைய எட்டு அடி சமநிலத்தில் நடத்தலுக்கு ஒப்பாகும். இதனைக் கொண்டு டெனன்ற் குறித்த கவ்வவை மீண்டும் நோக்கலாம். சமநிலத்துக் கவ்வவை 4 மைல் என்று கொண்டால், அதற்கு நெயிஸ்மித் விதிப்படி 80 நிமிடம் வேண்டும். அதே 80 நிமிடத்தில் 1000 அடி ஏறவேண்டுமாயின் ஏற்றத்துக்கு 30 நிமிடம் போய்விடும். எஞ்சிய 50 நிமிடத்தில் நடக்கக்கூடியது இரண்டரை மைலே. மைற்கல்லை நோக்கியவருக்கு இவ்விரண்டு கவ்வவும் முரணானவை. பொழுதை நோக்கியவருக்கு அவை ஒன்றே. கண்டி மக்கள் இவ்வாறு வகுத்துப் பார்த்தனர் என்பது இதன் கருத்தன்று. பல தலைமுறைகளின் நடைப் பழக்கம் தந்த முடிவும், நெயிஸ்மித் எண்ணால் தந்த முடிவும் ஒரே திசையிற் செல்கின்றன என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்விதியைப் பேராதனைக்கு அண்மையிலுள்ள ஹந்தானை மலைத்தொடருக்குப் பொருத்திப் பார்க்கலாம். பல்கலைக்கழகச் சூழல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1600 அடியிலும், தொடரின் உயர்ந்த சிகரம் ஏறத்தாழ 3800 அடியிலும் உள்ளன. செல்லும் வழியின் தூரம் 4 மைல் என்று உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். போக வர 8 மைல். அதற்கு 2 மணி 40 நிமிடம். உயர வேறுபாடு 2200 அடி. அதற்கு 1 மணி 6 நிமிடம். கூட்டினால் 3 மணி 46 நிமிடம். ஆனால் இக்கணக்கிற் பிழையுண்டு. ஹந்தானை பல முடிகளைக் கொண்ட தொடர். ஒரு முடியிலிருந்து இறங்கியே மற்றொன்றில் ஏறவேண்டும். இத்தகைய இடைப்பள்ளங்கள் மொத்தம் 400 அடி எனின், போகும்போது ஏறுவது 2600 அடி. திரும்பும்போதும் அதே 400 அடியை ஏறவேண்டும். ஆக மொத்த ஏற்றம் 3000 அடி. அதற்குரிய நேரம் ஒன்றரை மணி. இப்போது விடை 4 மணி 10 நிமிடம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொள்ளாது, ஏறிய ஒவ்வோர் ஏற்றத்தையும் கூட்டவேண்டும் என்பது இவ்விதியின் உயிர்நிலை. வரைபடத்தின் இரு சமவுயரக் கோடுகளுக்கிடையே மறைந்துவிடும் சிறு மேடுகளோ எக்கணக்கிலும் வருவதில்லை. ஆகவே கணிப்பு எப்போதும் சற்றுக் குறைவாகவே நிற்கும்.

இறக்கம் பற்றி நெயிஸ்மித் ஒன்றும் கூறவில்லை. பிற்காலத்தில் எரிக் லங்முயர் இக்குறையை நிரப்பினார். மென்சரிவில், அதாவது 5 முதல் 12 பாகை வரையில், 300 மீற்றர் இறங்குவதற்குப் பத்து நிமிடம் கழிக்கவேண்டும். அதனிலும் செங்குத்தான சரிவில் அதே அளவுக்குப் பத்து நிமிடம் கூட்டவேண்டும் என்பது அவர் திருத்தம். ஹந்தானையில் பைன் மரங்களின் உதிர்ந்த ஊசியிலைகளும் மழையில் நனைந்த மானாப் புல்லும் காலை வழுக்கும் என்பதை அங்கு சென்றோர் அறிவர். திரும்பும் வழியில் 300 மீற்றர், அதாவது ஏறத்தாழ 1000 அடி, செங்குத்தானதெனக் கொண்டு, மென்சரிவுக்குரிய கழிவை ஈரநிலம் கருதி விட்டுவிட்டால், மொத்தம் 4 மணி 20 நிமிடமாகும். இதில் ஏறிச் செல்ல 2 மணி 38 நிமிடம். திரும்ப 1 மணி 42 நிமிடம்.

இக்கணக்கின் பயன் மாலையிலேதான் தெரியும். பிற்பகல் ஒரு மணிக்குப் புறப்படும் குழு 3.38க்குச் சிகரத்தை அடையும். உணவுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி நேரம் சென்றால் 4.38க்கு இறங்கத் தொடங்கி 6.20க்கு அடிவாரம் சேரும். நவம்பர் மாதத்திற் கண்டியில் ஞாயிறு ஆறு மணிக்கு முன்னரே மறைந்துவிடும். வழுக்கும் சரிவின் இறுதிப் பகுதி இருளில் அமையும் என்பதைப் புறப்படுமுன்னரே தாள் கூறிவிடுகின்றது. அக்குழு விதியின்படியே நடக்குமா என்பது வேறு கேள்வி. வரைபடத்தில் அடையாளங் காணக்கூடிய முதலிடத்தை ஒரு மணியில் அடைவதாகக் கணித்து, அதற்கு ஒன்றரை மணி சென்றால், எஞ்சிய நேரம் முழுவதையும் ஒன்றரையாற் பெருக்கவேண்டும். 4 மணி 20 நிமிடம் அப்போது ஆறரை மணியாகிவிடும். குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே.

இவ்விடத்தில், கவ்வ அறிந்திருந்த ஒன்றை இவ்விதி அறியவில்லை என்பதையும் கூறவேண்டும். நெயிஸ்மித் தம் விதியை ஓரளவு உடல்வலிமை பெற்றோரின் எளிய பயணங்களுக்கே வகுத்தார். சுமை அவர் கணக்கில் இல்லை. அவர் காலத்துக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கும் கண்டிக் கோப்பித் தோட்டங்களுக்கும் நடந்து வந்தனர். ஏறத்தாழ 150 மைல் கொண்ட அவ்வழிக்கு விதி தரும் நேரம் 50 மணி. நாளொன்றுக்குப் பத்து மணி நடந்தால் ஐந்து நாள். மாத்தளை ஏறத்தாழ 1200 அடி உயரத்திலேயே உள்ளது. ஆகவே அவ்வேற்றத்துக்கு விதி கூட்டுவது 36 நிமிடம் மட்டுமே. எண்களை மட்டும் நோக்கின் அது எளிய பயணம். ஆனால் அவ்வழியில் எண்ணற்றோர் மாண்டனர். நீரில்லாத காடும், பசியும், காய்ச்சலும், வாந்திபேதியும், தலையிற் சுமந்த மூட்டையும், இடுப்பிற் சுமந்த குழந்தையும் தூரத்திலும் அடங்கவில்லை; உயரத்திலும் அடங்கவில்லை.

ஆதலின், இவ்விதி தருவது நலமுள்ள ஒருவர், சிறு சுமையோடு, நல்ல வானிலையில் நடக்கும் மிகக் குறைந்த நேரம் என்றே கொள்ளவேண்டும். அதன் மேல் யார் நடக்கின்றார், எதைச் சுமந்து நடக்கின்றார் என்பதையும் சேர்த்தே கணிக்கவேண்டும். வெறுங்கையனுக்கு ஒன்றும் சுமையாளனுக்கு ஒன்றுமாக நீண்டும் குறுகியும் நின்ற கவ்வவை டெனன்ற் திட்டவட்டமற்றது என்றார். நடப்பவர் நோக்கிற் பார்த்தால், மைல் விட்டுச்சென்ற இரண்டினையும் அது கணக்கிற் கொண்டிருந்தது. நெயிஸ்மித் மீட்டது அவற்றுள் ஒன்றை மட்டுமே.