a + 6 + 3t: இராமானுஜனின் 524ஆம் கேள்விக்கு ஒரு மறுவாசிப்பு

இந்தியக் கணிதவியல் கழக ஆய்விதழின் 1914ஆம் ஆண்டுத் தொகுதியில் 524 என்று எண்ணிட்ட கேள்வி ஒன்று வந்தது. அனுப்பியவர் சீனிவாச இராமானுஜன். துறைமுகக் கழகத்துக் குமாஸ்தா வேலையை விட்டு, 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் தந்த மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில், திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி வந்த கேள்வி அது. இரண்டு முற்றொருமைகளை நிறுவும்படி அவர் கேட்டிருந்தார்:

∛cos(2π/7) + ∛cos(4π/7) + ∛cos(8π/7) = ∛((5 − 3∛7)/2)

∛cos(2π/9) + ∛cos(4π/9) + ∛cos(8π/9) = ∛((3∛9 − 6)/2)

இவற்றை முக்கோணவியல் விந்தைகளாக வாசிக்கும் மரபு ஒன்று நெடுநாளாக உண்டு. 7, 9 என்ற எண்களுக்கே உரிய ஏதோ தனிப்பண்பு இங்கே வேலை செய்கிறது, இராமானுஜன் அதைத் தசமக் கணக்கில் தட்டுத்தடுமாறியோ உள்ளுணர்வாலோ பிடித்தார் என்பது அந்த வாசிப்பின் சாரம். இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. இரண்டு முற்றொருமைகளும் மூலங்களுக்கும் கெழுக்களுக்கும் உள்ள உறவிலிருந்து, அதாவது வியட்டாவின் சூத்திரங்களிலிருந்து, ஒரே மூச்சில் வருகின்றன. கோணத்துக்கு அதில் வேலையே இல்லை. அதற்கான சான்று இராமானுஜனின் கையெழுத்திலேயே இருக்கிறது.

கேள்வியில் உள்ள கொசைன்களை இரட்டித்துக்கொண்டால் கணக்கு சுத்தமாகும். 2cos(2π/7), 2cos(4π/7), 2cos(8π/7) ஆகிய மூன்றும் x³ + x² − 2x − 1 = 0 என்ற முப்படிச் சமன்பாட்டின் மூலங்கள். கோடம்பாக்கத்தில் டியூஷன் முடித்துவிட்டு வரும் பிளஸ் டூ மாணவரிடம் இதைக் கொடுத்தால், மூலங்களின் கூடுதல் −1, இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் −2, மூன்றின் பெருக்கல் 1 என்று நின்றபடியே சொல்லிவிடுவார். வர்க்கங்களின் கூடுதல் கேட்டால் (−1)² − 2(−2) = 5 என்பார். ஒரு மூலத்தின் மதிப்பும் அவருக்குத் தேவைப்படாது.

ஆனால் கனமூலங்களின் கூடுதல் கேட்டால் அவர் தயங்குவார். அந்தத் தயக்கம் நியாயமானது. வர்க்கங்களின் கூடுதலைக் கெழுக்களைக் கொண்டு எழுத முடியும் என்பதற்கு உத்தரவாதம் உண்டு. ∛α + ∛β + ∛γ என்பதற்கு அப்படி ஓர் உத்தரவாதம் கிடையாது. சமன்பாட்டைத் தீர்த்துப் பார்க்கலாம் என்றால் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. இதற்கு விகிதமுறு மூலம் இல்லை, மூன்று மூலங்களும் மெய்யெண்கள். இத்தகைய முப்படியில் கார்டானோவின் சூத்திரம் கலப்பெண்களின் கனமூலங்களுக்குள் இழுத்துச் செல்லும். மெய்யெண்களின் படிமூலங்களை மட்டும் கொண்டு ஒரு மூலத்தைக்கூட எழுத முடியாது. தனித்தனியாக எழுத முடியாத மூன்று எண்களின் கனமூலங்களைக் கூட்டினால் ∛(5 − 3∛7) என்ற எளிய மெய்ப் படிமூலம் கிடைக்கிறது. விந்தை என்று ஒன்று இருக்குமானால் இதுதான்.

இராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களில் இதற்கான பொதுத் தேற்றம் இருக்கிறது. மூலப்படிகள் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. 1957இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றின் நிழற்படிப் பதிப்பை வெளியிட்டது. தேற்றத்தின் செய்தி இது: x³ − ax² + bx − 1 = 0 என்பதன் மூலங்கள் α, β, γ எனில்,

∛α + ∛β + ∛γ = ∛(a + 6 + 3t)

∛(αβ) + ∛(βγ) + ∛(γα) = ∛(b + 6 + 3t)

இங்கே t என்பது t³ − 3(a + b + 3)t − (ab + 6(a + b) + 9) = 0 என்பதை நிறைவு செய்யும் எண். நிரூபணம் தரப்படவில்லை. இராமானுஜனின் நோட்டுகளில் அது வழக்கம்தான். ஆனால் இந்தத் தேற்றத்தை எழுதியிருக்கும் விதமே அவர் வந்த வழியைக் காட்டிக்கொடுக்கிறது. குறிப்பாக அந்த 6.

கனமூலங்களை u, v, w என்போம். மூலங்களின் பெருக்கல் 1 ஆதலால் uvw = 1. இவற்றின் கூடுதல் p, இரண்டிரண்டாகப் பெருக்கிய கூடுதல் q. கனங்களின் கூடுதலுக்குரிய பழகிய முற்றொருமையை எழுதினால் p³ = a + 3pq − 3 என்று வரும். uv, vw, wu ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு அதையே திரும்பச் செய்தால் q³ = b + 3pq − 3. தெரியாதவை இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு. இரண்டையும் பெருக்கி pq = s என வைத்தால் தெரியாதது ஒன்றாகிவிடுகிறது:

s³ = (a + 3s − 3)(b + 3s − 3)

வலப்பக்கத்தை விரித்தால் 9s² என்ற உறுப்பு வருகிறது. முப்படியில் வர்க்க உறுப்பு வந்தால் அதன் கெழுவில் மூன்றிலொன்றை நகர்த்தி அதை நீக்குவது பள்ளிக்கூடப் பழக்கம். இங்கே நகர்த்த வேண்டியது 3. ஆகவே s = t + 3. இதை p³ = a + 3s − 3 என்பதில் இட்டால் a + 3t + 9 − 3, அதாவது a + 6 + 3t. நோட்டில் உள்ள 6 இப்படி வந்து சேர்ந்தது. t-யின் முப்படியும் நோட்டில் உள்ளபடியே அமைகிறது.

எண்களை வைத்துத் துழாவி முடிவைக் கண்டவர் a + 6 + 3t என்று எழுத வேண்டிய காரணம் எதுவும் இல்லை. வர்க்க உறுப்பை நீக்கிய கையின் ரேகை அந்த 6-இல் பதிந்திருக்கிறது. கேள்வி முதலில் பிறந்ததா, தேற்றம் முதலில் பிறந்ததா என்பதை நாளிடாத நோட்டுப் பக்கங்களைக் கொண்டு அறுதியிட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தேற்றம் எழுதப்பட்ட நிலையில் அது வியட்டாவின் உறவுகளை இரண்டு தளங்களில் பயன்படுத்திப் பெற்றது என்பதில் ஐயத்துக்கு இடமிருப்பதாகத் தோன்றவில்லை.

இனி 7-க்கு வருவோம். a = −1, b = −2. இவற்றின் கூடுதல் −3. எனவே t-யின் முப்படியில் நடு உறுப்பின் கெழுவான 3(a + b + 3) சுழியாகிவிடுகிறது. எஞ்சுவது t³ = 2 − 18 + 9 = −7. ஆக t = −∛7, p³ = −1 + 6 − 3∛7 = 5 − 3∛7. கொசைன்களை இரட்டித்ததற்கு ஈடாக 2-ஆல் வகுத்தால் முதல் முற்றொருமை முடிந்தது. தசமத்தில் சரிபார்க்கலாம்: கனமூலங்கள் ஏறத்தாழ 1.0764, −0.7635, −1.2169, கூடுதல் −0.9040, அதன் கனம் −0.7388. மறுபக்கம் 5 − 3∛7 என்பதும் −0.7388 தான்.

9-க்கு உரிய சமன்பாடு x³ − 3x + 1 = 0. இங்கே மூலங்களின் பெருக்கல் −1. குறிகளை மாற்றிக்கொண்டால் x³ − 3x − 1 = 0; a = 0, b = −3. கூடுதல் மறுபடியும் −3! t³ = −9, p³ = 6 − 3∛9. மாற்றிய குறியைத் திருப்பினால் கேள்வியின் இரண்டாம் வரி. பெருக்கல் 1 ஆக இல்லாத முப்படிகளுக்குத் தேற்றம் பயன்படாதே என்ற ஆட்சேபம் சில இடங்களில் எழுப்பப்பட்டிருக்கிறது. பெருக்கல் k எனில் ஒவ்வொரு மூலத்தையும் ∛k-ஆல் வகுத்தால் போதும். அதற்கு மேல் அதைப் பேச வேண்டியதில்லை.

a + b = −3 என்ற நிபந்தனை இன்னொரு வகையிலும் காப்பாற்றுகிறது. இதை முந்தைய வாசிப்பு கவனிக்கவே இல்லை. மூன்று மூலங்களும் 1 ஆக உள்ள முப்படியை எடுத்துக்கொள்வோம்: a = 3, b = 3. t-யின் சமன்பாடு t³ − 27t − 54 = 0. இதற்கு 6 ஒரு மூலம், −3 இரட்டை மூலம். t = 6 எனில் p³ = 27, p = 3; இதுவே சரியான விடை. கவனக்குறைவாக t = −3 எடுத்தால் p = 0 என்று வரும். அது 1-இன் மூன்று கனமூலங்களையும், அதாவது கலப்பெண்களையும் சேர்த்துக் கூட்டியதற்கான விடை. p, q மெய்யெண்கள் என்றால் t-யும் மெய்யாகத்தான் இருக்கும். ஆனால் மெய்யான t ஒன்றுக்கு மேல் இருந்தால் எதை எடுப்பது என்பதைச் சூத்திரம் சொல்லாது, தோராயமாகக் கூட்டிப் பார்த்தே தேர வேண்டும். நடு உறுப்பு மறைந்துவிட்டாலோ t³ = −7 போன்ற சமன்பாட்டுக்கு மெய்மூலம் ஒன்றே ஒன்றுதான். குழப்பத்துக்கு வழியில்லை.

அப்படியானால் உண்மையான கேள்வி 7, 9 பற்றியது அன்று; b = −(a + 3) ஆக அமையும் முப்படிகள் பற்றியது. b-யை இட்டுப் பார்த்தால் t³ = −(a² + 3a + 9). டேனியல் ஷாங்க்ஸ் 1974இல் எளிய முப்படிப் புலங்களைப் பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்ட குடும்பமும் இதுவே: x³ = ax² + (a + 3)x + 1. இதன் தன்மைக்காட்டி (a² + 3a + 9)². இராமானுஜனின் t-க்குள் இருக்கும் எண்ணும் ஷாங்க்ஸின் தன்மைக்காட்டியின் வர்க்கமூலமும் ஒன்றாக இருப்பது முக்கோணவியல் வாசிப்புக்குள் தட்டுப்படவே படாது. இராமானுஜன் இந்தக் குடும்பத்தை முழுதாகக் கண்டார் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. a + b + 3 என்ற காரணியைத் தம் கையால் எழுதியவர், அது சுழியாகும் இரண்டு முப்படிகளையே கேள்விக்குத் தேர்ந்தார் என்பது மட்டுமே வாதம்.

குடும்பத்தில் மேலே போனால் a = 3-இல் ஓர் அழகான இடம் வருகிறது. a² + 3a + 9 = 27, t = −3, p³ = 3 + 6 − 9 = 0. அதாவது x³ − 3x² − 6x − 1 = 0 என்பதன் மூலங்களுடைய மெய்க் கனமூலங்களைக் கூட்டினால் சுழி. தேற்றத்தின் துணையின்றியும் இதைச் சரிபார்க்கலாம். சமன்பாட்டை (x − 1)³ = 9x என்று மாற்றி எழுதினால் x − 1 = ∛9·∛x. மூன்று மூலங்களுக்கும் இதைக் கூட்டினால் இடப்பக்கம் 3 − 3.

a = 1 எனில் எண் 13. சமன்பாடு x³ − x² − 4x − 1 = 0, p³ = 7 − 3∛13. மூலங்கள் ஏறத்தாழ 2.6511, −0.2739, −1.3772, கனமூலங்களின் கூடுதல் −0.378, அதன் கனம் −0.054; 7 − 3∛13 என்பதும் அவ்வளவே. முற்றொருமை 7-க்கு எப்படிப் பொருந்தியதோ அப்படியே 13-க்கும் பொருந்துகிறது. ஆனால் −0.2739 என்ற மூலத்தைக் கோணத்தில் எழுதினால் −2cos(2π/13) − 2cos(10π/13) என்று இரண்டு கொசைன்கள் வேண்டியிருக்கிறது. 7-லும் 9-லும் மூலத்துக்கு ஒரு கொசைன் போதும். ஆய்விதழின் கேள்விப் பகுதியில் ஒரே வரியில் அச்சாகக்கூடியவை அந்த இரண்டுதான்.