ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத்தொற்று

தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா ரத்தத்தில் கலந்து உண்டாகும் தொற்று. கிருமியை 1880களில் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் சீழில் கண்டார்; ஆரியஸ் என்ற பெயர் 1884இல் ரோசன்பாக் இட்டது. ரத்தக் கல்ச்சரில் ஒரு புட்டியில் மட்டும் வளர்ந்தாலும் இதைத் தோல் அழுக்கென்று ஒதுக்கக்கூடாது.

இக்கிருமி இதய வால்வு, முதுகெலும்பு, மூட்டு ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கும். காய்ச்சல் தணிந்த பின்னும் ரத்தத்தில் தங்கக்கூடும் என்பதால், கிருமி வளராத முடிவு வரும்வரை 24 முதல் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை கல்ச்சர் எடுக்கப்படுகிறது. ஊசி மருந்தின் நாள் கணக்கு அந்த முடிவுக்குரிய ரத்தம் எடுத்த நாளில் தொடங்கும். முதல் ஊசி போட்ட நாளில் அல்ல. கோட்டுச்சேரி வயலில் காலில் புண்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம்: ஊசி 1ஆம் தேதி தொடங்கி, 4ஆம் தேதி ரத்தம் முதன்முறையாகச் சுத்தமானால், 14 நாள் 17ஆம் தேதி நிறையும்.

மெதிசிலினுக்கு அடங்கும் வகைக்குச் செஃபசோலின் அல்லது கிளாக்சசிலினும், மெதிசிலினுக்கு அடங்காத வகைக்கு வான்கோமைசினும் வழக்கமானவை. எக்கோவில் வால்வு பழுதின்றி, செயற்கை உறுப்பின்றி, 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் தணிந்தவருக்கே இரண்டு வாரம் போதும். கல்ச்சர் தொடர்ந்து வளர்ந்தால் உள்ளே சீழ்க்கட்டி தேட வேண்டும். இரண்டு வாரம் போதாத மற்றவர்களுக்கு ஊசி 4 முதல் 6 வாரம்.