பட்டாசால் அண்டை வீட்டுக் குழந்தைக்குக் காயம்: இழப்பீடு தரவேண்டியவர் யார்?

தீபாவளியன்று ஒருவர் கொளுத்திய பட்டாசு அண்டை வீட்டுக் குழந்தையைக் காயப்படுத்தினால், இழப்பீட்டுப் பொறுப்பு முதலில் கொளுத்தியவரையே சாரும். இதற்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. கவனக்குறைவால் பிறருக்குத் தீங்கு விளைவித்தவர் அதை ஈடுசெய்ய வேண்டும் என்ற தீங்கியல் சட்டக் கோட்பாட்டையே நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன.

எடுத்துக்காட்டாக, குடியிருப்பு முற்றத்தில் ஒருவர் சாய்ந்த பாட்டிலில் வைத்து ராக்கெட் விடுகிறார். அது எதிர்வீட்டு மாடியில் நின்ற ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணைத் தாக்குகிறது. காயப்படுத்தும் நோக்கம் இல்லை என்பது இங்கு எதிர்வாதமாகாது. வீடுகள் நெருங்கிய இடத்தில் ராக்கெட் திசைமாறக்கூடும் என்பதை அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 125, 288 ஆகிய பிரிவுகளின்கீழ் அவர்மீது குற்றவழக்கும் பதியப்படலாம். ஆனால் அதில் விதிக்கப்படும் அபராதம் தானாகவே குழந்தைக்குச் சேராது. அதற்கு நீதிமன்றம் தனியே ஆணையிட வேண்டும்.

ராக்கெட்டின் திரி வழக்கத்துக்கு மாறாக உடனே எரிந்து, விலகுவதற்குள் சீறிப்பாய்ந்திருந்தால் தயாரிப்பாளரின் பொறுப்பும் எழுகிறது. விற்பனையாளர் உரிமம் பெறாதவர் என்பது மட்டும் போதாது. அவரது செயலுக்கும் காயத்துக்கும் தொடர்பு காட்டப்பட வேண்டும். தயாரிப்பாளர் பெயரே இல்லாத சரக்கை விற்றது, எச்சரிக்கைக் குறிப்பின்றி விற்றது, சிறுவனிடம் தனியே பட்டாசைக் கொடுத்தது ஆகியவை அத்தகைய தொடர்பைக் காட்ட உதவும். எனவே எரிந்த எச்சம், உறை, ரசீது ஆகியவற்றைப் பாதுகாப்பது அவசியம்.

கொளுத்தியது பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தால், பெற்றோர் என்பதாலேயே தாய் தந்தையர் பொறுப்பாளிகளாக மாட்டார்கள். ராக்கெட்டை வாங்கிக்கொடுத்துவிட்டு மேற்பார்வையின்றி விட்டிருந்தால், அது அவர்களது சொந்தக் கவனக்குறைவாகும். அதற்காக அவர்கள்மீது வழக்குத் தொடரலாம்.

காயமுற்ற குழந்தையை ஏன் மாடியில் தனியே விட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கக்கூடும். ஆயினும் ஐந்து வயதுக் குழந்தை தன் காயத்துக்குத் தானும் காரணம் என்று கூறுவது எளிதில் எடுபடாது.

மருத்துவமனையில் காயத்தின் காரணத்தைப் பதிவு செய்வித்து, காவல்நிலையத்தில் புகார் அளிப்பது முதல் படி. அடுத்து, குழந்தையின் பெயரிலேயே, பெற்றோர் ஒருவர் அதன் சார்பாளராக இருந்து உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். சிகிச்சைச் செலவு, பின்னாளைய அறுவைச் சிகிச்சை, வலி, பார்வை இழப்பால் குறையும் வருவாய்த் திறன் ஆகியவற்றைக் கோரலாம். இதற்கான காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டுகள். மைனருக்கு அது 18 வயது நிறைந்த பின்னரே எண்ணப்படும்.

வழக்குத் தொடுத்த பின்னர், நீதிமன்ற அனுமதியின்றிப் பெற்றோர் சமரசம் செய்துகொள்ள இயலாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆவது ஆணை, 7-ஆவது விதி இதனை வரையறுக்கிறது. அண்டை வீட்டாரின் வற்புறுத்தலுக்கு இணங்கிச் சிறுதொகைக்குக் குழந்தையின் உரிமை கைவிடப்படுவதை இவ்விதி தடுக்கிறது.