இரண்டு நூல்களில் ஒரு பெரிய வெள்ளி

இரண்டாம் வத்திக்கான் சங்கம் எதை மாற்றியது என்று கேட்டால், லத்தீன் போய்த் தாய்மொழி வந்தது, குருவானவர் மக்களைப் பார்த்துத் திரும்பி நின்றார் என்று பலரும் சொல்வார்கள். இரண்டும் கண்ணுக்கு உடனே தெரிந்த மாற்றங்கள். ஆனால் சங்கத்தின் 16 ஏடுகளில் எதுவும் பீடத்தைத் திருப்பச் சொல்லவில்லை. திருவழிபாடு பற்றிய ஏடு லத்தீனைக் காக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் தாய்மொழிக்கு இடம் விடுகிறது. ஆகவே 1962 அக்டோபர் முதல் 1965 டிசம்பர் வரை நான்கு அமர்வுகளாகக் கூடிய அந்தச் சங்கத்தின் வேலையை மதிப்பிட வேறொரு வழி வேண்டும்.

ஒரே நாளின் வழிபாட்டை இரண்டு திருப்பலி நூல்களில் வைத்துப் பார்ப்பது அப்படி ஒரு வழி. ஒன்று, சங்கம் தொடங்கிய ஆண்டில் வெளிவந்த 1962ஆம் ஆண்டு நூல். மற்றது, சங்கத்துக்குப் பிறகு திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட 1970ஆம் ஆண்டு நூல். நாள், பெரிய வெள்ளி. அன்று திருப்பலி கிடையாது. இறைவாக்கு வாசகங்கள், ஆண்டவரின் பாடுகள், பெரிய மன்றாட்டுகள், சிலுவை ஆராதனை, முந்தின நாள் எழுந்தேற்றம் செய்து வைத்த நற்கருணை என்று வழிபாடு நடக்கும். வழிபாட்டு முறை, மக்களின் பங்கு, திருச்சபைக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றிய பேச்சு ஆகிய மூன்றும் ஒரே வழிபாட்டில் சந்திக்கும் நாள் அது.

ஒப்பிடுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 1962ஆம் ஆண்டு நூல் 1570இல் ஐந்தாம் பயஸ் தந்த நூலின் மாறாத நகல் அன்று. பன்னிரண்டாம் பயஸ் 1955இல் புனித வார வழிபாட்டைத் திருத்தினார். காலையில் நடந்துவந்த பெரிய வெள்ளி வழிபாடு பிற்பகலுக்கு மாறியது. அதுவரை அன்று குரு மட்டுமே நற்கருணை உட்கொள்வார். 1956 முதல் மக்களும் உட்கொள்ளலாம் என்று ஆனது. அதனால் மாற்றம் எல்லாம் சங்கத்தில்தான் பிறந்தது என்பதும், சங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் ஒருசேரத் தவறு.

வாசிப்பவர் யார்?

1962ஆம் ஆண்டு நூலின்படி பெரிய வெள்ளியில் எல்லா வாசகங்களும் லத்தீனில்தான். ஆடம்பர வழிபாட்டில் யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றைத் திருத்தொண்டர் மூவர் பாடுவார்கள்: ஒருவர் கதை சொல்பவர், ஒருவர் இயேசு, மூன்றாமவர் மற்ற எல்லாரும். துணைக் குருக்கள் இல்லாத சிறிய பங்கில் பெரும்பகுதி பங்குக் குருவின் தலையில் விழும். மக்கள் எழுந்து நிற்பார்கள், முழந்தாளிடுவார்கள், சிலுவையை முத்தி செய்வார்கள். தமிழ்ப் பங்குகளில் உபதேசியார் முன்னின்று தமிழில் செபம் சொல்வதும் பாட்டுப் பாடுவதும் சங்கத்துக்கு வெகுகாலம் முன்பே உண்டு. ஆனால் அது அதிகாரபூர்வமான வழிபாட்டுக்குப் பக்கத்தில் நடந்ததே தவிர, அதன் உள்ளே நடக்கவில்லை.

1970ஆம் ஆண்டு நூலில் வாசகங்கள் மக்கள் மொழியில் கேட்கின்றன. வாசகமேடைக்கு ஓர் ஆசிரியரோ விவசாயியோ வந்து எசாயாவின் துன்புறும் ஊழியன் பகுதியை வாசிக்கலாம். பாடுகளையும் பொதுநிலையினர் வாசிக்கலாம். இயேசுவின் பகுதியை மட்டும் கூடுமானவரை குருவுக்கு விடவேண்டும்.

இதைக் குருவுக்கு ஆள் உதவி என்று எடுத்துக்கொண்டால் சங்கத்தின் எண்ணம் தவறிவிடும். திருச்சபை பற்றிய ஏட்டின் முந்தைய வரைவில் ஆயர்கள், குருக்கள் பற்றிய பகுதி முன்னால் வந்தது. மக்கள் பற்றிய பேச்சு அதற்குப் பின்னால்தான். விவாதத்தில் அந்த வரிசை மாறியது. 1964 நவம்பர் 21இல் வெளியான ஏட்டில் இரண்டாம் அதிகாரம் இறைமக்களைப் பற்றியது. அதிகார அமைப்பு மூன்றாவதாகத்தான் வருகிறது. முதலில் எல்லாரும் திருமுழுக்குப் பெற்ற மக்கள், அவர்களுக்குள்தான் ஆயரும் குருவும் என்பது அந்த வரிசையின் பொருள். வழிபாட்டில் முழுமையாகப் பங்கெடுப்பது திருமுழுக்கினால் வரும் உரிமையும் கடமையும் என்று திருவழிபாட்டு ஏடு ஏற்கெனவே சொல்லியிருந்தது. அந்த ஏட்டுக்கு 1963 டிசம்பர் 4இல் ஆதரவாக 2,147 வாக்குகள், எதிராக நான்கே நான்கு.

நடைமுறை இந்த எண்ணத்துக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. ஆறாம் பவுல் 1972இல் சிறு பட்டங்களை நீக்கி, வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பொதுநிலையினருக்குத் திறந்தார். ஆனால் முறைப்படி நியமனம் பெறும் உரிமை ஆண்களுக்கு மட்டுமே என்றார். பெண்கள் பல ஆண்டுகளாக ஆலயங்களில் வாசித்துக்கொண்டிருந்தும், அந்த நியமனம் அவர்களுக்குக் கிடைத்தது திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் சட்டத்தை மாற்றியபோதுதான்.

யாருக்காக, எப்படி மன்றாடுவது?

மிகப் பெரிய வேறுபாடு மன்றாட்டுகளில் இருக்கிறது. 1962ஆம் ஆண்டு நூலில் ஒன்பது மன்றாட்டுகள். கடைசி மூன்றும் வெளியே இருப்பவர்களுக்கானவை. பிரிந்துபோன கிறிஸ்தவர்கள் அலகையின் வஞ்சகத்தால் ஏமாந்தவர்கள், அவர்கள் தப்பறையை விட்டுத் திரும்ப வேண்டும் என்று ஒன்று கேட்கிறது. யூதர்களின் மனத்திரை விலக வேண்டும், அவர்களுடைய குருட்டுத்தன்மை நீங்க வேண்டும் என்கிறது அடுத்தது. பிற சமயத்தார் சிலைகளைக் கைவிட்டு மெய்யான கடவுளிடம் வந்து திருச்சபையில் சேர வேண்டும் என்கிறது கடைசி மன்றாட்டு. நம் ஊர்களில் ஆலயத்துக்கு அடுத்த தெருவில் வாழும் இந்துக்கள் அந்தக் கடைசி மன்றாட்டுக்குள்தான் அடங்குவார்கள்.

யூதர்களுக்கான மன்றாட்டுக்குத் தனி வரலாறு உண்டு. 1955 வரை மற்ற மன்றாட்டுகளுக்கெல்லாம் முழந்தாளிட்ட மக்கள் அதற்கு மட்டும் முழந்தாளிடமாட்டார்கள். அந்த விலக்கைப் பன்னிரண்டாம் பயஸ் நீக்கினார். யூதர்களைத் துரோகிகள் என்று கேட்கச் செய்த அடைமொழியை 1959 பெரிய வெள்ளியில் இருபத்துமூன்றாம் யோவான் எடுக்கச் சொன்னார். நாசிகளிடம் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் இசாக் 1960 ஜூனில் அவரைச் சந்தித்து, யூதர்களைப் பற்றிய கிறிஸ்தவப் போதனையைச் சீர்ப்படுத்தக் கேட்டார். அதற்கான ஏட்டைத் தயாரிக்கும் பொறுப்பு கர்தினால் அகுஸ்தின் பேயாவிடம் வந்தது. அரபு நாடுகளில் தங்கள் மக்களுக்கு ஆபத்து வருமே என்று கீழைத் திருச்சபைத் தலைவர்கள் அஞ்சினார்கள். பழைய போதனை கைவிடப்படுகிறது என்று வேறு சிலர் எதிர்த்தார்கள். யூதர்களைப் பற்றி மட்டும் தொடங்கிய வரைவு விரிந்து, இந்து சமயம், பௌத்தம், இஸ்லாம் ஆகியவற்றையும் மதிப்போடு பேசும் ஏடாகியது. அதுவே 1965 அக்டோபர் 28இல் வெளியான நோஸ்த்ரா ஏத்தாத்தே. ஆதரவு 2,221, எதிர்ப்பு 88. வழிபாட்டை மாற்ற எதிர்ப்பு நான்கு, அயலாரைப் பற்றிய பேச்சை மாற்ற 88 என்ற வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

1970ஆம் ஆண்டு நூலின் மன்றாட்டுகள் பத்து. பிரிந்த கிறிஸ்தவர்கள் ஒரே திருமுழுக்கால் புனிதமானவர்களாகிறார்கள். யூதர்கள் கடவுள் முதலில் பேசிய மக்கள். அவர்கள் இறைவனின் பெயர் மீதுள்ள அன்பிலும் உடன்படிக்கை மீதான பற்றுறுதியிலும் வளர வேண்டும் என்று கேட்கிறோம். கிறிஸ்துவை ஏற்காதவர்கள் நேர்மையான உள்ளத்தோடு கடவுள்முன் நடந்து உண்மையைக் கண்டடைய வேண்டும் என்கிறது அடுத்தது. அத்தோடு அந்த மன்றாட்டு நிற்பதில்லை. கிறிஸ்தவர்களாகிய நாமும் ஒருவரை ஒருவர் அன்பு செய்வதில் வளர்ந்து உலகின்முன் நல்ல சாட்சிகளாக வேண்டும் என்று முடிகிறது. பழைய நூலில் மாற வேண்டியவர் அயலார் மட்டுமே. புதிய நூலில் மன்றாடுகிறவரும் மாற வேண்டியவர். கடவுளை நம்பாதவர்களுக்குத் தனியாக ஒரு மன்றாட்டும் சேர்ந்தது.

இரண்டு மாற்றங்கள் மோதும் இடம்

வழிபாட்டு முறை, மக்களின் பங்கு, அயலாரைப் பற்றிய பேச்சு ஆகிய மூன்றிலும் வந்த மாற்றங்கள் தனித்தனியானவை அல்ல. லத்தீனில் இருந்தவரை அயலாரைப் பற்றிய கடுஞ்சொல்லை அயலாரும் கேட்கவில்லை, நம் மக்களில் பெரும்பாலோரும் கேட்கவில்லை. தாய்மொழியில் வந்ததும், திருச்சபை தன் அண்டை வீட்டாரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது ஒலிபெருக்கியில் கேட்கும் பேச்சாகிவிட்டது. அதனால் கேட்கக்கூடிய மொழி வேண்டும் என்ற தேவையும் நேர்மையான சொல் வேண்டும் என்ற தேவையும் ஒன்றையொன்று இழுத்து வந்தன.

ஆனால் இதே காரணத்தால் ஒரு சிக்கலும் வந்தது. மன்றாட்டுகள் மாறின; யோவான் நற்செய்தியின் பாடுகள் மாறவில்லை, மாற்றவும் முடியாது. அதில் இயேசுவை எதிர்ப்பவர்களுக்கு யூதர்கள் என்ற பெயரே திரும்பத் திரும்ப வருகிறது. முன்பு லத்தீனில் மூன்று திருத்தொண்டர்கள் பாடியதை இப்போது எல்லாரும் தாய்மொழியில் கேட்கிறார்கள். சில இடங்களில் சிலுவையில் அறையக் கேட்கும் கூட்டத்தின் வரிகளை மக்களே சேர்ந்து சொல்லும் வழக்கமும் உண்டு. நடந்த பாடுகளுக்கு அன்றைய யூதர் எல்லாரையும், இன்றைய யூதர்களையும் பொறுப்பாக்கக் கூடாது என்று நோஸ்த்ரா ஏத்தாத்தே சொல்கிறது. ஆனால் பாடுகளை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு அது தெரிய வழியில்லை. வாசகத்துக்குப் பிறகு வரும் சுருக்கமான மறையுரை அதைச் சொன்னால்தான் இரண்டு மாற்றங்களும் ஒத்துப்போகும்.

இன்னும் முடியாத கணக்கு

பழைய நூல் மறைந்துவிடவும் இல்லை. சங்கத்தின் போக்கை ஏற்காத பேராயர் லெஃபேவ்ரின் குழு அதை விடவில்லை. பதினாறாம் பெனடிக்ட் 2007இல் அந்த நூலைப் பரவலாகப் பயன்படுத்த அனுமதித்தபோது, யூதர்களுக்கான பழைய மன்றாட்டு மீண்டும் கேட்கும் நிலை வந்தது. அவர் 2008இல் அதற்குப் புதிய வடிவம் எழுதினார். குருட்டுத்தன்மை போன்ற சொற்கள் போயின. யூதர்கள் இயேசுவை மீட்பராக அறிய வேண்டும் என்ற வேண்டுதல் தொடர்ந்தது. 2021இல் பிரான்சிஸ் அந்த நூலின் பயன்பாட்டை மறுபடி குறுக்கினார்.

1970ஆம் ஆண்டு மன்றாட்டோ யூதர்கள் மீட்பின் நிறைவை அடைய வேண்டும் என்று கேட்டுவிட்டு, எப்படி என்பதைச் சொல்லாமல் கடவுளிடம் விடுகிறது. சிலருக்கு இது தெளிவின்மை. எனக்கு இதுவே அந்த நூலின் பலமாகத் தெரிகிறது. கிறிஸ்துவின் மீதுள்ள நம்பிக்கையை அது விட்டுக்கொடுக்கவில்லை. கடவுள் வேறொரு மக்களோடு செய்த உடன்படிக்கையின் முடிவைத் தானே எழுதவும் முற்படவில்லை. அந்த மக்களில் ஒருவர் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டாலும் அதன் ஒரு சொல்லையும் தாழ்ந்த குரலில் சொல்லவேண்டிய தேவை குருவுக்கு இல்லை. சங்கம் கொண்டுவந்த மாற்றத்தை இதைவிடச் சரியாகச் சோதிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.