ஃபண்ட் ஈட்டியதும் பணம் ஈட்டியதும்: வெவ்வேறு நாளில் முதலீடு செய்பவரின் வருவாயை அளப்பது குறித்து

கென் ஹீப்னர் நிர்வகித்த சி.ஜி.எம். ஃபோகஸ் என்ற அமெரிக்க மியூச்சுவல் ஃபண்ட், 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கும் மேல் ஈட்டியது. அந்தப் பத்தாண்டின் முன்னணிப் பங்கு ஃபண்டுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதே காலத்தில் அதே ஃபண்டுக்குள் இருந்த பணம், ஆண்டுக்குச் சுமார் 11 சதவீதம் நட்டமடைந்தது என்று மார்னிங்ஸ்டார் நிறுவனம் கணக்கிட்டது. இரண்டு கணக்கிலும் பிழையில்லை. 2007இல் ஃபண்ட் 80 சதவீதம் உயர்ந்தது. அதைப் பார்த்துப் பெரும்பணம் 2008இல் உள்ளே வந்தது. அந்த ஆண்டிலேயே ஃபண்டின் மதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஏற்றத்தின்போது உள்ளே இருந்த பணம் சிறிது, இறக்கத்தின்போது இருந்ததோ பெரிது.

முதல் எண்ணைக் கால எடை வருவாய் என்றும், இரண்டாவதைப் பண எடை வருவாய் என்றும் சொல்வதுண்டு. இவற்றில் எது சரி என்ற விவாதம் நிதித்துறையில் பழையது. மாதாமாதமோ, கையில் பணம் வரும்போதெல்லாமோ முதலீடு செய்யும் ஒருவருக்கு அந்த விவாதத்தைவிட வேறொரு கேள்வி முக்கியம்: இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு என்ன பொருள்? ‘முதலீட்டாளர் தவறான நேரத்தில் நுழைந்தார், அதற்கான தண்டனை அந்த இடைவெளி’ என்ற விளக்கம் இன்று எங்கும் சொல்லப்படுகிறது. அந்த விளக்கம் பாதியளவே பொருந்தும் என்பதும், இடைவெளியை வேறு ஓர் ஒப்பீட்டால் படிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நிஃப்டி 50 குறியீட்டின் உண்மையான மூன்று நாள் இறுதிப் புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் 31இல் 8,597.75, 2021 அக்டோபர் 18இல் 18,477.05, 2022 ஜூன் 17இல் 15,293.50. குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட் ஒன்றில் ஒருவர் முதல் நாளில் 1 லட்சமும் இரண்டாம் நாளில் 10 லட்சமும் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, ஈவுத்தொகையையும் செலவுகளையும் விட்டுவிடலாம்.

கால எடைக் கணக்கு, பணம் உள்ளே வந்த நாளில் காலத்தை வெட்டுகிறது. முதல் துண்டில் ஒரு ரூபாய் 2.149 ரூபாய் ஆனது, அதாவது 114.9 சதவீத உயர்வு. இரண்டாம் துண்டில் ஒரு ரூபாய் 0.8277 ரூபாயாகச் சுருங்கியது, அதாவது 17.2 சதவீத இறக்கம். இரண்டையும் பெருக்கினால் 1.779. மொத்த உயர்வு 77.9 சதவீதம், ஆண்டுக்கு 29.7 சதவீதம். இந்தப் பெருக்கலில் 1 லட்சமும் இல்லை, 10 லட்சமும் இல்லை. எவ்வளவு பணம் எந்தத் துண்டில் இருந்தது என்பதை இந்த அளவை வேண்டுமென்றே மறந்துவிடுகிறது. நாள்தோறும் என்.ஏ.வி. வெளியாகும் ஃபண்டுகளில் இந்தத் துண்டு போடும் வேலைகூட இல்லை. ஈவுத்தொகை பிரிக்காத திட்டத்தில், கடைசி நாள் என்.ஏ.வி.யை முதல் நாள் என்.ஏ.வி.யால் வகுத்தாலே கால எடை வருவாய் கிடைத்துவிடும். ஃபண்ட் நிறுவனங்கள் விளம்பரத்தில் காட்டும் வருவாய் இந்த வகையைச் சேர்ந்தது.

இப்போது அவருடைய பணத்தைப் பார்ப்போம். முதல் 1 லட்சம் 1,77,878 ரூபாயாக வளர்ந்தது. பின்னால் போட்ட 10 லட்சம் 8,27,702 ரூபாயாகக் குறைந்தது. மொத்தம் 10,05,580 ரூபாய். போட்டது 11 லட்சம், ஆகவே 94,420 ரூபாய் நட்டம். பண எடை வருவாய் என்பது, ஒவ்வொரு தவணையும் தான் உள்ளே இருந்த நாட்களுக்கு ஒரே விகிதத்தில் வளர்ந்திருந்தால் கடைசி மதிப்பு கிடைத்திருக்கும் எனும்படியான அந்த ஒரே விகிதம். அதை நேரடியாகக் கண்டுபிடிக்கச் சூத்திரம் கிடையாது. ஊகித்து, திருத்தி, மறுபடி ஊகித்துத்தான் நெருங்க வேண்டும். விரிதாளில் அந்த வேலையைச் செய்வது XIRR:

```
A2: 31-03-2020    B2: -100000
A3: 18-10-2021    B3: -1000000
A4: 17-06-2022    B4:  1005580
=XIRR(B2:B4, A2:A4)
```

விடை, ஆண்டுக்குச் சுமார் மைனஸ் 10.7 சதவீதம். ஒரே ஃபண்ட், ஒரே காலம், ஒரு பக்கம் ஆண்டுக்கு 29.7 சதவீத ஏற்றம், மறுபக்கம் 10.7 சதவீத இறக்கம். நாற்பது சதவீதப் புள்ளி இடைவெளி.

கால எடை அளவை ஏன் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் எல்லையும் தெரியும். 1960களில் அமெரிக்க ஓய்வூதிய நிதிகளை நிர்வகித்தவர்களை எப்படி ஒப்பிடுவது என்ற சிக்கல் எழுந்தது. நிதிக்குப் பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதை மேலாளர் தீர்மானிப்பதில்லை; வேலைகொடுக்கும் நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. பணம் வந்த நேரத்தின் நல்லதையும் கெட்டதையும் மேலாளர் கணக்கில் ஏற்றுவது நியாயமல்ல. பீட்டர் டீட்ஸ் 1966இல் எழுதிய நூலும், அமெரிக்க வங்கி நிர்வாக நிறுவனம் 1968இல் வெளியிட்ட அறிக்கையும் இந்த நியாயத்தை நிலைநாட்டின. அதாவது இந்த அளவை மேலாளரை மதிப்பிட உருவானது. பணம் போட்டவரின் செல்வம் என்ன ஆனது என்று அதனிடம் கேட்பது, அது பதில் சொல்ல முன்வராத கேள்வி.

இதே நியாயம் மறுபக்கமும் செல்லுபடியாகும். தனியார் பங்கு நிதிகளில் முதலீட்டாளரிடமிருந்து பணத்தை எப்போது அழைப்பது, எப்போது திருப்புவது என்பதை மேலாளரே முடிவு செய்கிறார். அங்கே நேரமும் அவருடைய திறமையில் சேர்த்தி. அதனால்தான் உலகளாவிய முதலீட்டுச் செயல்திறன் தரநிலைகளின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு, பணவரவு மேலாளர் கையில் இருக்கும் இத்தகைய நிதிகளுக்குப் பண எடை வருவாயை ஏற்கிறது. நேரத்தைத் தீர்மானித்தவர் யாரோ, அவர் கணக்கில்தான் நேரத்தின் விளைவு சேர வேண்டும்.

இந்த அடிப்படையைத் தனி முதலீட்டாளரிடம் கொண்டுவரும்போதுதான் சிக்கல். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 10 லட்சத்தை அக்டோபர் 18இல் போட்டவர் யார்? சந்தை ஏறுவதைக் கண்டு ஆசைப்பட்டு, வங்கி வைப்பை உடைத்துப் போட்டவராக இருக்கலாம். அந்த வாரம்தான் பணிக்கொடை கையில் கிடைத்த ஓய்வுபெற்ற ஆசிரியராகவும் இருக்கலாம். இருவருக்கும் XIRR ஒன்றே, இடைவெளியும் ஒன்றே. முதலாமவருக்கு நேரம் ஒரு முடிவு; இரண்டாமவருக்கு அது தானாக அமைந்தது. எண்ணைப் பார்த்து இருவரையும் பிரிக்க முடியாது. பண எடை வருவாய், பணம் வந்த தேதிகளை மட்டுமே அறியும். அந்தத் தேதிகளின் காரணத்தை அறியாது. இடைவெளி முழுவதையும் ‘நடத்தைப் பிழை’ என்று பெயரிடும் ஆய்வுகள் இந்த வேறுபாட்டைக் கவனமின்றித் தாண்டிவிடுகின்றன.

சி.ஜி.எம். ஃபோகஸ் கணக்கையும் இந்த எச்சரிக்கையுடன்தான் படிக்க வேண்டும். மைனஸ் 11 என்பது சராசரி டாலரின் வருவாய், சராசரி மனிதரின் வருவாய் அல்ல. 2000இல் பணம் போட்டுக் கடைசிவரை அசையாமல் இருந்தவர் 18 சதவீதத்தைப் பெற்றார். 2008இல் வந்தவர்களின் பணம் பெரிது என்பதால் கூட்டுக்கணக்கில் அவர்களுடைய அனுபவம் மேலோங்கியது.

மாதத் தவணையாக எஸ்.ஐ.பி. போடுபவரின் நிலை இதைவிடத் தெளிவு. அவர் எந்த நேரத்தையும் தேர்ந்தெடுப்பதில்லை, சம்பளம் வரும் தேதியில் பணம் போகிறது. ஆயினும் அவருடைய XIRR, ஃபண்ட் காட்டும் வருவாயிலிருந்து பெரும்பாலும் விலகியே நிற்கும். சந்தை ஒவ்வொரு மாதமும் ஒரே வேகத்தில் ஏறினால் இரண்டும் உறுதியாக ஒன்றாகும்; அப்போது தவணை எந்தத் தேதியில் போனாலும் வேறுபாடு வராது. முதல் ஆண்டுகளில் நன்றாக ஏறி, பின்னர் தேங்கினால், தொடக்கத்தில் சிறிதாக இருந்த இருப்பு ஏற்றத்தையும், பிறகு பெரிதாகிவிட்ட இருப்பு தேக்கத்தையும் சந்திக்கும். XIRR குறையும். வரிசை தலைகீழானால் XIRR கூடும். இதில் ஒழுக்கத்துக்கும் புத்திசாலித்தனத்துக்கும் பங்கில்லை. ஐந்தாண்டு எஸ்.ஐ.பி.யின் 9 சதவீத XIRRஐ அதே ஃபண்டின் 14 சதவீத வருவாயோடு ஒப்பிட்டு ‘எங்கோ ஏமாந்துவிட்டோம்’ என்று வருந்துபவர், ஒப்பிடக் கூடாத இரண்டை ஒப்பிடுகிறார்.

ஒப்பிட வேண்டியது இன்னொரு பண எடை வருவாயோடு. தன் பணம் போன அதே தேதிகளில், அதே தொகைகள் குறியீட்டில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு, அதற்கும் XIRR காண வேண்டும். தனியார் பங்கு நிதிகளை மதிப்பிட இந்த முறையை லாங், நிக்கல்ஸ் ஆகிய இருவர் 1990களில் முன்வைத்தனர். சிறு முதலீட்டாளருக்கும் இது அப்படியே பொருந்தும். மேலே கண்டவர் குறியீட்டு ஃபண்டுக்குப் பதிலாக மேலாளர் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு ஃபண்டில் போட்டு, கடைசி நாளில் அவர் கையில் 10,40,000 ரூபாய் இருந்ததாகக் கொள்வோம். XIRR சுமார் மைனஸ் 6.8 சதவீதம். தனியாகப் பார்த்தால் மோசமான ஃபண்ட். அதே தேதிகளில் குறியீடு தந்தது மைனஸ் 10.7 சதவீதம் என்று தெரிந்ததும் தீர்ப்பு மாறுகிறது: ஃபண்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது, நட்டம் தேதிகளிலிருந்து வந்தது. தேதிகள் இரு பக்கமும் ஒன்றே என்பதால் அவற்றின் விளைவு பெருமளவு கழிந்துபோய், மிஞ்சுவது ஃபண்டின் தேர்வு. ஆனால் அந்த மிச்சத்திலும் பிற்கால 10 லட்சத்தின் எடை உண்டு என்பதை மறக்கக் கூடாது.

இந்த எண்களைத் தீர்ப்பாக ஏற்கும் முன் இறுதித் தேதியையும் பார்க்க வேண்டும். குறியீட்டு ஃபண்டில் போட்ட அதே மனிதர் எதுவும் செய்யாமல் 2024 டிசம்பர் 31 வரை காத்திருந்தால், நிஃப்டி 23,644.80 புள்ளியில் அவருடைய இருப்பு ஏறக்குறைய 15.55 லட்சம். XIRR சுமார் 10.9 சதவீதம், கால எடை வருவாய் 23.7 சதவீதம். இடைவெளி நாற்பதிலிருந்து பதின்மூன்று புள்ளியாகச் சுருங்கிவிட்டது. அவர் இந்த இரண்டரை ஆண்டில் ஒரு முடிவும் எடுக்கவில்லை. ‘நடத்தைப் பிழை’ இப்படித் தானாகக் கரையுமானால், அந்தப் பெயர் அதற்குப் பொருந்தவில்லை.

கணக்கில் பிழை நுழையும் இடங்களும் உண்டு. ஒரு மாதத்தில் 5 சதவீதம் கிடைத்தால் XIRR அதை ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவீதம் என்று காட்டும். ஓராண்டுக்குக் குறைவான முதலீட்டில் அந்த எண்ணை விட்டு, ரூபாய்க் கணக்கைப் பார்ப்பதே நல்லது. நடுவே பணத்தை எடுத்து மறுபடி போட்டால் சமன்பாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கக்கூடும். எடுக்காமல் போட்டுக்கொண்டே வந்தவருக்கு அந்தக் குழப்பம் இல்லை, ஒரே விடைதான். அவருக்கு எளிய சோதனையும் உண்டு: கடைசி மதிப்பு போட்ட மொத்தத்தைவிடக் குறைவானால் XIRR எதிர்க்குறியில் இருந்தாக வேண்டும். குறி மாறியிருந்தால், ஒரு தவணை விடுபட்டிருக்கும், அல்லது கழித்தல் குறி இடாமல் ஏதோ ஒரு தொகை ஏறியிருக்கும்.

முதலீட்டுச் செயலிகள் பல இன்று XIRRஐ ஃபண்டின் வருவாய்க்கு அருகிலேயே காட்டுகின்றன. அங்கே மூன்றாவதாக ஒரு வரி வேண்டும்: அதே தேதிகளில் அதே தொகைக்குக் குறியீடு தந்திருக்கும் XIRR. அதைக் கணிக்கத் தேவையான தேதி, தொகை, குறியீட்டுப் புள்ளி மூன்றும் அவற்றிடம் ஏற்கனவே உள்ளன.